பட்டுப் புடவைக்கு விலை எழுதுவது எப்படி?

“விலை 18,000 + ஜிஎஸ்டி. டெலிவரி எக்ஸ்ட்ரா. கேஷ் ஆன் டெலிவரி உண்டு. மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி.”

காஞ்சிபுரத்திலிருந்து வெளியூருக்குப் புடவை அனுப்புகிறவர்கள், படத்தின் கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். காந்தி ரோட்டில் கடைக்குள் உட்கார்ந்து முந்தானையை விரித்துப் பார்க்கிறவருக்கு இது போதும். மிச்சத்தை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளலாம். கோவையிலோ மும்பையிலோ இருந்து போனில் பார்ப்பவருக்கு, கையில் எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும் என்பதே இந்த வரிகளிலிருந்து தெரியாது. நான்கு வாக்கியங்களிலும் தொகை இருப்பது ஒன்றில்தான். அந்தத் தொகையும் அவர் கடைசியில் கொடுக்கப்போகும் தொகை அல்ல.

முதலில் வரி. பட்டுப் புடவை எத்தனை ஆயிரம் விலை போனாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தைத்த ஆடைகளுக்கு அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய்க்கு மேல் போகும் உடுப்புக்கு வரி 18 சதவீதம். புடவையைச் சட்டம் துணியாகவே கணக்கிடுவதால் அந்த உச்சவரம்பு இதற்கு வராது. ஆக, 18,000 ரூபாய்ப் புடவைக்கு வரி 900, மொத்தம் 18,900. தமிழ்நாட்டுக்குள் விற்றால் இந்த 900 மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதியாகப் பில்லில் பிரியும். மும்பைக்குப் போனால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியில் நிற்கும். வாங்குகிறவர் கொடுக்கும் தொகை இரண்டிலும் ஒன்றுதான். எனவே விளம்பரத்தில் “ரூ.18,900, வரி உட்பட” என்று எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. வரி உட்பட்ட விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது 18,900-இல் 5 சதவீதம் என்று 945 ரூபாயை எடுத்துவிடுகிறார்கள். 18,900-ஐ 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் 900 வரும். பில்லில் வரியும் அடிப்படை விலையும் சேர்ந்து விளம்பர விலைக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறு விற்பனையாளரும், காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர்கள் “+ ஜிஎஸ்டி” என்று எழுதினால் அது எழுத்துப் பிழையோடு போகாது, சட்டத்தை மீறுவதாகிவிடும்.

அடுத்து டெலிவரி. புடவையோடு சேர்த்துக் கடைக்காரரே வாங்கும் அனுப்புக் கூலிக்கும் புடவைக்குரிய வரியே பொருந்தும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே விற்பனை. 200 ரூபாய் கூலி என்றால் வரியோடு 210. பலர் புடவைக்கு மட்டும் “வரி உட்பட” என்று எழுதிவிட்டு, டெலிவரிக்கு 200 என்று போடுகிறார்கள். பில் வரும்போது 10 ரூபாய் கூடியிருக்கும். தொகை சிறியதுதான். ஆனால் சொன்ன விலை ஒன்று, வாங்கிய விலை ஒன்று என்ற எண்ணம் வந்துவிட்டால், ஜரிகை அசலா என்ற சந்தேகமும் பின்னாலேயே வந்துவிடும்.

கேஷ் ஆன் டெலிவரியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பணத்தை வசூலித்துக் கொடுப்பதற்குக் கூரியர்காரர்கள் கட்டணம் எடுக்கிறார்கள். வாடிக்கையாளர் வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பார்சல் திரும்பி வரும், போகவர இரண்டு கூலியும் விற்றவர் தலையில் விழும். அதனால்தான் விலை கூடிய பட்டுக்குப் பலர் முன்பணம் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். வசூல் கட்டணம் வரியோடு 105 ரூபாய், முன்பணம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புடவை 18,900, டெலிவரி 210, வசூல் கட்டணம் 105, எல்லாம் சேர்ந்து 19,215. முன்பணம் போக வாசலில் கொடுக்க வேண்டியது 18,215. இந்தக் கடைசித் தொகைதான் வீட்டில் பெட்டியை வாங்கப்போகும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ வேண்டும். பார்சலைத் திருப்பி அனுப்பினால் முன்பணத்தில் எவ்வளவு கழியும் என்பதும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கடைக்காரரின் நல்ல மனத்தை மட்டும் பொறுத்ததல்ல. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, டெலிவரி, தபால், கையாளும் கூலி, வரி என்று பிரித்தும் காட்டச் சொல்கின்றன. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக ஏற்றுவதை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கின்றன.

மொத்தத் தள்ளுபடிதான் எல்லாவற்றிலும் கடினமானது. கல்யாண வீட்டில் கூரைப்புடவையோடு நிற்க மாட்டார்கள். சம்பந்தி வீட்டுக்கு, அத்தைமாருக்கு, சித்திமாருக்கு என்று கணக்குப் போய்க்கொண்டே இருக்கும். “10-க்கு மேல் 8%” என்று எழுதியிருந்தால் பத்தாவது புடவைக்கு உண்டா என்பதே தகராறு. “5 முதல் 9 வரை 5%, 10-உம் அதற்கு அதிகமும் என்றால் எல்லாப் புடவைக்கும் 8%” என்று எழுதினால் கேள்விக்கு இடமில்லை. வேறு வேறு விலைப் புடவைகளைக் கலந்து எண்ணலாமா என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

அதே 18,900 ரூபாய்ப் புடவையில் பத்து எடுத்தால் 1,89,000. எட்டு சதவீதம் போக 1,73,880. தள்ளுபடியை விற்கும்போதே பில்லில் காட்டிவிட்டால் வரியும் குறைந்த விலைக்குத்தான் விழும். பில் போட்ட பிறகு பேசித் தரும் தள்ளுபடிக்கு இந்தச் சலுகை அநேகமாகக் கிடைக்காது.

இப்போது பத்தில் ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். வாடிக்கையாளர் ஒரு புடவைக்குக் கொடுத்தது 17,388 ரூபாய், அதைத்தான் அவர் திரும்ப எதிர்பார்ப்பார். விற்றவரோ, மிச்சம் ஒன்பதுதான், தள்ளுபடி 5 சதவீதமாகிவிட்டது என்று 1,61,595-ஐக் கழித்து 12,285 மட்டும் தருவார். இடையே நிற்பது 5,103 ரூபாய். இரண்டு கணக்குமே நியாயம்தான், எது பொருந்தும் என்று முன்கூட்டி எழுதாததுதான் பிழை. என் கருத்தில், தறியிலோ சாயத்திலோ குறை இருந்து திரும்பினால் முழுத் தொகையையும், பிடிக்கவில்லை என்று திரும்பினால் மறுகணக்குத் தொகையையும் தருவது இரு தரப்புக்கும் பொருந்தும்.

மொத்தமாக எடுப்பவருக்குக் கேஷ் ஆன் டெலிவரி தருகிறவர் இன்னொரு எல்லையையும் பார்க்க வேண்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. பத்துப் புடவைக்கு 1,73,880 என்பதால் பிரச்சினை இல்லை. பன்னிரண்டு புடவை என்றால் தள்ளுபடி போகவே 2,08,656 ஆகிவிடும். இரண்டு பெட்டியாக இரண்டு நாளில் அனுப்பி வசூலித்தாலும் அது ஒரே விற்பனைதான். ஆகையால் தள்ளுபடி வரிக்குக் கீழேயே “2 லட்சம் எட்டும் ஆர்டருக்கு வங்கி வழியாக மட்டும்” என்று சேர்த்துவிட வேண்டும்.