தட்டம்மையை 65 ஆண்டுகள் மறக்காத உடல்

1846இல் ஃபரோ தீவுகளில் தட்டம்மை பரவி, ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். 1781இல் அதே நோய் கண்டு பிழைத்த முதியவர்களுக்கோ அது திரும்ப வரவில்லை என்று பதிவுசெய்தார் டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும்.

அந்த நினைவு எப்படி உருவாகிறது? கிருமி மூச்சுப்பாதையில் நுழைந்ததும் பிறவி எதிர்ப்பு எழுகிறது. எந்தக் கிருமி என்று பாராமல் தாக்கும் முதல் படை இது. பிறகு டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியின் துணுக்குகளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே எண்ணற்ற டி செல்களில் அத்துணுக்குக்குப் பொருந்தும் சில மட்டுமே விழிக்கின்றன. அவற்றின் உதவியோடு, பொருத்தமான பி செல்கள் பெருகிப் பிளாஸ்மா செல்களாகி எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன: முதலில் ஐஜிஎம், அடுத்து ஐஜிஜி. இந்தத் தேடலுக்கும் பெருக்கத்துக்கும் நாள் பிடிப்பதால்தான் முதல்முறை நோய் முந்திக்கொள்கிறது. தொற்றிய சுமார் 14ஆம் நாள் தடிப்பு தோன்றும். ரத்தப் பரிசோதனையில் ஐஜிஎம் தெரிவதும் அதையொட்டித்தான்.

நோய் தணிந்ததும் பெரும்பாலான செல்கள் மடிகின்றன. நினைவுச் செல்கள் தங்குகின்றன. சில பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் அமர்ந்து ஐஜிஜியைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. மறுமுறை வரும் கிருமி பெருகுவதற்குள் மடக்கப்படுகிறது.

ஆனால் தட்டம்மை, பிற நோய்களுக்கான நினைவுச் செல்களை அழித்துவிடும். தடுப்பூசி அப்படிச் செய்யாது. குழந்தைக்கு இரண்டு தவணையும் தவறாமல் போடுங்கள்.