பிங் பதில் சொல்கிறது, பில் மட்டும் வரவில்லை

மாலை ஏழு மணி. மருந்துக்கடை கவுண்டரில் ஆறு பேர் நிற்கிறார்கள். பில்லிங் சாஃப்ட்வேர் ‘சர்வருடன் தொடர்பு இல்லை’ என்று சொல்லிவிட்டு நிற்கிறது. சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளறையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவிட்சும் இருபது மீட்டர் கேபிளும் உண்டு. இந்த நிலையில் நம் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ரவுட்டரை அணைத்துப் போடுவது. சில சமயம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அடுத்த வாரமும் அதே கோளாறு வரும்.

இத்தனை சின்ன நெட்வொர்க்கில் கோளாறு இருக்கக்கூடிய இடம் மூன்றுதான். கம்பி வழியாகத் தகவல் போகவில்லை. அல்லது முகவரி தவறு. அல்லது கம்பியும் முகவரியும் சரி, எதிர்முனையில் பதில் சொல்லவேண்டிய புரோகிராம் ஓடவில்லை. எந்த இடம் என்று சொல்ல விண்டோஸிலேயே மூன்று கட்டளைகள் இருக்கின்றன: `ping`, `arp`, `netstat`. மூன்றுமே பழசு. பிங்கை அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். ஏ.ஆர்.பி. முறை அதற்கும் ஓராண்டு மூத்தது. ஆனால் கடைக் கம்ப்யூட்டர்கள் இன்றும் அதே முறையில்தான் பேசிக்கொள்கின்றன.

நம் கடையில் ரவுட்டரின் முகவரி 192.168.1.1, சர்வர் 192.168.1.10, கவுண்டர் 192.168.1.21 என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து `cmd` என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் முதலில் `ping 192.168.1.10`.

பதில் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோகக் கூடாது. என்ன வாசகம் வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. `General failure` என்று வந்தால், நம் கம்ப்யூட்டரிலிருந்தே எதுவும் வெளியே போகவில்லை. கேபிள் கழன்றிருக்கும், இல்லையென்றால் நெட்வொர்க் கார்டு அணைந்திருக்கும். `Request timed out` என்றால் நாம் அனுப்பினோம், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. மூன்றாவது வாசகம் பலரை ஏமாற்றும்:

```
Reply from 192.168.1.21: Destination host unreachable.
```

‘Reply’ என்று இருப்பதைப் பார்த்து சர்வர் பதில் சொல்லிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. வரியிலுள்ள முகவரியைப் பாருங்கள்: அது கவுண்டருடைய சொந்த முகவரி. ‘தேடினேன், அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று கவுண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், கீழே வரும் கணக்கில் இதையும் பதிலாகச் சேர்த்து `0% loss` என்று விண்டோஸ் காட்டிவிடும். அந்தக் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ‘நெட்வொர்க் ஓகே’ என்று சொன்ன சர்வீஸ் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்வர் இல்லை என்று வந்தால் அடுத்து `ping 192.168.1.1`. ரவுட்டர் பதில் சொன்னால் கவுண்டர் பக்கத்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு உள்ளறைக்குப் போய் சர்வரிலிருந்தும் அதே ரவுட்டருக்கு ஒரு பிங். அங்கும் பதில் வந்தால் இரண்டு கம்பிகளும் குற்றமற்றவை. சர்வரின் முகவரி மாறியிருக்கலாம் என்ற சந்தேகம்தான் மிஞ்சும். அங்கே பதில் வராவிட்டால், சுவிட்சில் சர்வர் செருகியிருக்கும் துளையின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையா? கம்பி, அல்லது அதன் நுனியிலுள்ள ஆர்.ஜே.45. நூற்றுக்கு மேற்பட்ட பிங் அனுப்பி அதில் சிலது மட்டும் தொலைகிறது என்றாலும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் கம்பி வழியே போகும் பிங் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. `ping -n 100 -l 1400 192.168.1.1` என்று கொஞ்சம் பெரிய பொட்டலங்களாக அனுப்பினால் அரைகுறைக் கேபிள் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

`ping 127.0.0.1` என்று அடித்துப் பார்த்து நிம்மதி அடைபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பிங் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதே இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு அடித்தாலும் பதில் வரும்.

இப்போது இரண்டாவது கட்டளை. ஐ.பி. முகவரி நாம் கொடுப்பது, மாற்றக்கூடியது. நெட்வொர்க் கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே பதித்து வரும் எண் வேறு, அதன் பெயர் மேக் முகவரி. கம்பியில் தகவல் போய்ச் சேர்வது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். அதனால் கவுண்டர் முதலில், தெருவில் நின்று ‘பத்தாம் நம்பர் வீடு யாருடையது?’ என்று கூவுவதுபோல, நெட்வொர்க் முழுக்கக் கேட்கிறது. உரியவர் தன் மேக் முகவரியைச் சொல்கிறார். கவுண்டர் அதைச் சிறிது நேரம் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேட்டைக் காட்டுவதுதான் `arp -a`. குறிப்பு பழசாகிவிடும் என்பதால் பிங் அடித்த கையோடு இதையும் அடிக்க வேண்டும்.

இதன் பெரிய பயன் ஒன்று உண்டு. விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்கைத் தடுத்துவிடும். ஆனால் இந்தக் கூவலுக்குப் பதில் சொல்வதை அது தடுப்பதில்லை. ஆகவே பிங்குக்கு `Request timed out` வந்து, `arp -a` பட்டியலில் சர்வரின் மேக் முகவரியும் புதிதாகத் தெரிந்தால், கம்பி சரி, முகவரியும் சரி, எதிர்முனையில் ஃபயர்வால் நிற்கிறது. பட்டியலில் 192.168.1.10 என்ற வரியே இல்லை என்றால் அந்த எண்ணுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அங்கே ஃபயர்வாலைக் குடைந்து பயனில்லை.

நம் மருந்துக்கடையில் நடந்தது இவை இரண்டுமே இல்லை. அங்கே பிங் அழகாகப் பதில் சொன்னது:

```
Reply from 192.168.1.10: bytes=32 time<1ms TTL=64
```

ஆனால் பில் வரவில்லை. உள்ளறையில் சர்வரிலேயே அந்த சாஃப்ட்வேரைத் திறந்தால் ஓடுகிறது. ‘அப்போ கவுண்டர் சிஸ்டம்தான் போச்சு’ என்றார் கடைக்காரர். அதை ஃபார்மேட் செய்ய ஏற்பாடும் ஆகிவிட்டது.

அந்தப் பதில் வரியின் கடைசியில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர் தன் பதிலில் வழக்கமாக `TTL=128` என்று போடும். லினக்ஸும் அதை வைத்து ஓடும் சின்னச் சின்னக் கருவிகளும் பெரும்பாலும் 64 போடும். சர்வரோ விண்டோஸ். அப்படியானால் பதில் சொல்வது யார்? `arp -a` அடித்தால் 192.168.1.10-க்கு நேராக `53-2a` என்று முடியும் மேக் முகவரி. சர்வரில் போய் `ipconfig /all` அடித்தால் `Physical Address` வரியில் `53-11` என்று முடிகிறது. வேறு யாரோ சர்வரின் முகவரியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உட்கார்ந்திருந்தது முந்தின நாள் மாட்டிய சிசிடிவி ரெக்கார்டர். மாட்டியவர் கைக்கு வந்த ஓர் எண்ணாக 10-ஐக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்போது சர்வர் அணைந்திருந்தது, அதனால் மோதல் தெரியவில்லை. காலையில் சர்வரைப் போட்டபோது விண்டோஸ் தன் எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்து, அந்த எண்ணைக் கைவிட்டு, தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரிக்கு ஒதுங்கிக்கொண்டது. `ipconfig /all` திரையில் பழைய முகவரிக்குப் பக்கத்தில் `(Duplicate)` என்று எழுதியே இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. 169.254 என்ற தொடக்கத்தை எங்கே பார்த்தாலும் ‘இந்தக் கம்ப்யூட்டருக்கு உருப்படியான முகவரி கிடைக்கவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ரெக்கார்டரின் முகவரியை 192.168.1.50 என்று மாற்றி, சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டு, கவுண்டரில் பழைய குறிப்பை அழிக்க அட்மினிஸ்ட்ரேட்டராக `arp -d *` அடித்ததும் பில் வந்தது. பிங்கில் `TTL=128` என்று மாறியிருந்தது.

முகவரி சரி என்று உறுதியான பிறகும் பில் வராமல் இருந்திருந்தால்? அங்கேதான் `netstat`. இதை முதலில் அடிக்கவேண்டிய இடம் கவுண்டர் இல்லை, சர்வர். ஒவ்வொரு சர்வீஸும் தனக்கென்று ஒரு போர்ட் எண்ணில் காத்திருக்கும். இந்தக் கடையின் சாஃப்ட்வேர் பயன்படுத்தும் மை.எஸ்.க்யூ.எல். தகவல்தளத்துக்கு வழக்கமான எண் 3306.

```
netstat -ano | findstr :3306
TCP    0.0.0.0:3306    0.0.0.0:0    LISTENING    4120
```

`LISTENING` என்ற வரியே இல்லாவிட்டால் சர்வீஸ் ஓடவில்லை. அதைத் தொடங்கிவைத்தால் முடிந்தது. வரி இருந்தாலும் இரண்டாவது நெடுவரிசையைப் படிக்க வேண்டும். 0.0.0.0 என்றால் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லத் தயார். அதற்குப் பதில் 127.0.0.1:3306 என்று இருந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும். ‘சர்வரில் ஓடுது, கவுண்டரில் ஓடலை’ என்ற புகாருக்கு இது அடிக்கடி காரணம், சாஃப்ட்வேரைப் புதிதாக நிறுவியபின் குறிப்பாக. கடைசியில் இருக்கும் 4120 அந்தப் புரோகிராமின் எண். `tasklist /fi "pid eq 4120"` என்று கேட்டால் பெயரைச் சொல்லும். சில நேரம் வேறு ஏதோ புரோகிராம் அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சர்வரில் எல்லாம் சரி என்றால், கவுண்டரில் பில்லிங்கைத் திறந்த அந்தச் சில நொடிகளுக்குள் அங்கேயும் அதே கட்டளையை அடியுங்கள். `ESTABLISHED` வந்தால் நெட்வொர்க்கின் வேலை முடிந்தது. கோளாறு பாஸ்வேர்டிலோ சாஃப்ட்வேரிலோதான். `SYN_SENT` என்று பல நொடி அப்படியே நின்றால் அழைப்பு போகிறது, பதில் இல்லை: பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால். ஓரிரு நொடியில் மறைந்து, மறுப்புச் செய்தி வந்தால் அந்த முகவரியில் அந்தப் போர்ட் திறந்திருக்கவில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ரவுட்டரைத் தாண்டி இருக்கும் கம்ப்யூட்டரின் மேக் முகவரி `arp` பட்டியலில் வராது. அங்கே ரவுட்டருடையதுதான் தெரியும். வைஃபையில் விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்ந்த கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாமல் ரவுட்டரே தடுப்பதும் சகஜம்.

எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் சர்வரில் `ipconfig /all` அடித்து, அதன் ஐ.பி. முகவரி, மேக் முகவரி, சாஃப்ட்வேரின் போர்ட் எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி சர்வரின் மேலேயே ஒட்டிவையுங்கள். கேமரா, பிரிண்டர் என்று எது மாட்ட வந்தாலும், எந்த எண்ணைக் கொடுத்தார் என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.