கேசரிக்குப் பின் டீ ஏன் சப்பென்று இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, சித்தியும் சித்தப்பாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜாங்கிரி வாங்கி வைத்திருந்தேன். ஆளுக்கு ஒன்று தட்டில் வைத்துக் கொடுத்தேன். கையோடு டீயும் போட்டுக்கொண்டு வந்தேன். ஜாங்கிரியைத் தின்று முடித்து, டீயை ஒரு வாய் குடித்த சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, சர்க்கரை போட மறந்துட்டியா?”

மறக்கவில்லை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டிருந்தேன். இன்னொரு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். “இப்பவும் என்னவோ துவர்க்குது” என்று பாதியிலேயே வைத்துவிட்டார்.

டீயில் குறை இல்லை, ஜாங்கிரியிலும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்ததுதான் தப்பு. பாகில் ஊறிய ஒன்றைச் சாப்பிட்டதும் நாக்கு அந்த இனிப்புக்குப் பழகிவிடுகிறது. அதன்பின் வரும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இனிப்பு தெரியாமல் போனதும், அதற்குள் மறைந்திருந்த டீயின் துவர்ப்பு தனியாக எழுந்து நிற்கிறது.

நம் வீடுகளில் ‘ஸ்வீட், காரம், காபி’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்த நாளிலிருந்து வரிசை அதுதான். சம்பிரதாயம் என்று நாம் நினைக்கும் அந்த வரிசை நாக்குக்கும் ஒத்துப்போகிறது. இனிப்புக்கும் காபிக்கும் நடுவே உப்பும் காரமும் புகுந்து நாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. அதன்பின் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி கூட இனிப்பாகத் தெரியும். ஆகவே விருந்தாளிக்கு என்ன பலகாரம் என்று யோசிக்கும்போது, எதற்குப் பின் எது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

டீயா, காபியா?

வந்தவர்களிடம் கேட்டுப் போடுவதுதான் மரியாதை. ஆனால் தட்டில் இருப்பதைப் பார்த்து, எது பொருந்தும் என்று நாமும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

டீயின் துவர்ப்பு எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தோழன். பருப்பு வடையோ பக்கோடாவோ தின்றபின் வாயில் ஒரு வழவழப்பு நிற்கும். டீ அதைத் துடைத்துவிட்டது போல் இருக்கும். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வடையும் பஜ்ஜியும் அடுக்கி வைத்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. காபியின் கசப்போ இனிப்பைத் தாங்கும். கேசரியோ மைசூர்பாகோ முன்னால் போயிருந்தாலும், திக்கான டிகாக்‌ஷன் தன் ருசியை விட்டுக்கொடுக்காது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பால்கோவா மாதிரி முழுக்கப் பாலால் ஆன இனிப்பு வைத்தால், பால் நிறைந்த காபி அதோடு சேராது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கனத்து, வயிறு நிறைந்துவிட்ட உணர்வைத் தரும். அதற்குப் பால் சேர்க்காத, எலுமிச்சை பிழிந்த டீ நன்றாக இருக்கும்.

காரம் அதிகமான பலகாரத்திலும் கவனம் வேண்டும். மிளகாயின் காரத்தை நம் வாய் சூடாகத்தான் உணர்கிறது. அதன் மேல் கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றினால் எரிச்சல் இரட்டிப்பாகும். மிளகாய் பஜ்ஜி, காரச் சட்னி என்று வைத்தால் காபியை நாலைந்து நிமிடம் கழித்து, கொஞ்சம் ஆற்றிக் கொடுப்பது நல்லது.

மூன்றும் வேறு வேறாக

இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம், லேசாக ஒன்று என மூன்று வைத்துவிட்டால் சமன் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஒருமுறை வாழைக்காய் பஜ்ஜியும் கடலைச் சுண்டலும் மைசூர்பாகும் வைத்தேன். மூன்று வகைதான். ஆனால் பஜ்ஜி கடலை மாவு, மைசூர்பாகு கடலை மாவு, சுண்டல் கொண்டைக்கடலை. வந்தவர்கள் அன்றிரவு சாப்பாடே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றும் மூன்று தானியமாக இருக்கட்டும். செய்முறையும் மூன்றாக இருக்கட்டும்: ஒன்று நெய்யில் கிளறியது, ஒன்று எண்ணெயில் பொரித்தது, ஒன்று தண்ணீரிலோ ஆவியிலோ வெந்தது. ரவா கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, பாசிப்பயறு சுண்டல் என்று வைத்தால் ரவை, கடலை மாவு, பயறு என்று பிரிந்துவிடும். இதில் சுண்டல் பேருக்கு வைப்பதல்ல. சர்க்கரை நோய் உள்ளவர், எண்ணெய் ஆகாதவர் வந்தால் அவருடைய தட்டில் அதுதான் பிரதானம். அவர் கேட்டு வாங்கும்படி வைக்காமல், எல்லோர் தட்டிலும் முதலிலேயே வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் ஆள் வந்தபின் செய்ய வேண்டும். மற்ற இரண்டும் முன்பே தயாராக இருக்க வேண்டும். இரண்டு அடுப்பில் இரண்டு வேலை வைத்துக்கொண்டால், வந்தவர்கள் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறு பேர், ஐந்து மணி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆறு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்குக் காபி, இரண்டு பேருக்கு டீ.

காலை பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பாசிப்பயறை ஊறப்போட்டால் போதும். மூன்றரை மணிக்குத் திறந்த பாத்திரத்தில் வேகவிடலாம். குக்கரில் வைத்தால் ஒரு விசில் கூடினாலும் குழைந்துவிடும். இரண்டு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், தோல் வெடித்திருக்கக் கூடாது. அதுதான் பதம். தண்ணீரை வடித்து, உப்பு சேர்த்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி வையுங்கள். தேங்காய்த் துருவலை மட்டும் பரிமாறுகிற நேரத்தில் தூவுங்கள். சூட்டில் கிடந்தால் தேங்காய் ஊசிப்போகும்.

அடுத்தது கேசரி. ஒரு டம்ளர் ரவையை நெய்யில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டரை டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் தூவிக் கிளற வேண்டும். ரவை முழுக்க வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னால் போட்டால் தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ள, ரவை நறுக் நறுக்கென்று நிற்கும். அதன்பின் எவ்வளவு கிளறினாலும் வேகாது. ஒன்றரை டம்ளர் சர்க்கரை என்பது வழக்கமான அளவு. பின்னால் காபி வரப்போவதால் நான் ஒன்றேகால் டம்ளரோடு நிறுத்திக்கொள்வேன். சர்க்கரை போட்டதும் இளகி, மறுபடி இறுகி வரும்போது நெய் ஊற்றிக் கிளறி, கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஆறும்போது அது தானாக இறுகும்.

நாலே காலுக்கு ஃபில்டரில் காபிப் பொடி. நான்கு பேருக்கு ஐந்து ஸ்பூன் குவித்துப் போட்டு, மேல்தட்டால் லேசாக அழுத்தி, ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றுங்கள். அழுத்தம் கூடினால் இறங்காது, குறைந்தால் தண்ணீர் சட்டென்று ஓடி டிகாக்‌ஷன் நீர்த்துவிடும். இருபது நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தால் சரி. அதை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள். கொதித்த டிகாக்‌ஷனில் மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும்.

நாலரைக்குப் பஜ்ஜி மாவு. ஒன்றரை டம்ளர் கடலை மாவுக்கு மூன்று ஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு வரும். மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம். சோடா உப்பு கூடினால் பஜ்ஜி உப்பும், எண்ணெயையும் குடிக்கும். அதற்குப் பதில் ஒரு சின்னக் கரண்டி சூடான எண்ணெயை மாவில் விட்டுக் கலக்கலாம். இரண்டு வாழைக்காயை நீளவாக்கில் சீவினால் ஆளுக்கு மூன்று தேறும். கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட்டிருப்பீர்கள். தோய்ப்பதற்கு முன் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் மாவு வழுக்கும், எண்ணெய் தெறிக்கும்.

ஐந்து மணி. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர். கேசரியில் ஒரு ஸ்பூன் வெந்நீர் தெளித்துச் சூடாக்கி, தட்டில் சிறு கரண்டி அளவு கேசரியும் பக்கத்தில் சுண்டலும் வைத்துக் கொடுத்துவிட்டு வாணலியை ஏற்றுங்கள். எண்ணெயில் ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே வர வேண்டும், ஆனால் சட்டென்று கருகக் கூடாது. அடியில் தங்கினால் சூடு போதாது, அந்த எண்ணெயில் போட்ட பஜ்ஜி பிழியப் பிழிய எண்ணெய் வரும். ஒரு ஈட்டுக்கு நாலைந்துக்கு மேல் போட்டாலும் சூடு இறங்கி அதே கதிதான். முதல் ஈடு வெந்ததும் கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஆறிய பஜ்ஜியை எந்தக் காபியும் காப்பாற்றாது.

கடைசி ஈடு வேகும்போது பக்கத்து அடுப்பில் பால். காபிக்குப் பால் பொங்கியதும் எடுத்து, ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பால் ஊற்றி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு ஆற்றுங்கள். டீக்கு இஞ்சி தட்டிப் போடுவதாக இருந்தால் முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, டீத்தூள் போட்டு இரண்டு நிமிடம் கழித்தே பால் சேர்க்க வேண்டும். பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் பால் திரிந்துபோக வாய்ப்புண்டு. இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதித்தால் அது செயலிழந்துவிடும்.

போன தீபாவளிக்குச் சித்தி மறுபடி வந்தார். கேசரி, சுண்டல், இரண்டு பஜ்ஜி, அதன்பின் டீ. வேண்டுமென்றே ஒரு ஸ்பூன் சர்க்கரைதான் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா, இனிப்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”