இருந்தும் கிடைக்காத இரும்பு

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2005இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல உடல்நிலையில் இருந்த தன்னார்வலர்கள் சிலருக்கு, பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருளை மட்டும் பிரித்தெடுத்து மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டார்கள். உயிருள்ள கிருமி எதுவும் அதில் இல்லை. ஆனாலும் கிருமி புகுந்துவிட்டது என்றே உடல் எடுத்துக்கொண்டது. 3 மணி நேரத்துக்குள் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் ரத்தத்தில் உயர்ந்தது. 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உச்சத்தைத் தொட்டது. அதையடுத்து ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு சரிந்தது. யாருக்கும் ரத்தம் போகவில்லை. உடலில் இருந்த மொத்த இரும்பும் ஒரு துளி குறையவில்லை. ஆனால் ரத்தத்தில் அது கிடைக்கவில்லை.

இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சரிகிறது என்பதற்கு உடலின் இரும்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. பாதிக்கு மேல் சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினோடு சேர்ந்தே இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு உள்ளே சேர்வது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஆனால் புதிய சிவப்பணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜைக்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். மீதி, பழைய சிவப்பணுக்களிலிருந்து வருகிறது. சுமார் 120 நாள் வாழ்ந்து முடித்த அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி, உள்ளிருக்கும் இரும்பைப் பிரித்து மீண்டும் ரத்தத்தில் விடுகின்றன. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை ஏற்றிக்கொண்டு மஜ்ஜைக்குப் போகிறது.

எந்த நேரத்திலும் டிரான்ஸ்ஃபெரின் சுமந்து செல்லும் இரும்பு சுமார் 3 மில்லிகிராம்தான். தினம் 20க்கும் மேல் செலவு, கையிருப்பு 3. ஆகவே இந்தக் கையிருப்பு சில மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகத் தீர்ந்து நிரம்புகிறது. மேக்ரோஃபேஜ்கள் கொடுப்பதை நிறுத்தினால் அன்றைக்கே ரத்தம் வறண்டுவிடும். ஹெப்சிடின் செய்வது இதைத்தான்.

ஹெப்சிடின் கல்லீரலில் சுரக்கும் மிகச் சிறிய புரதம். 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, அவ்வளவே. 2000ஆம் ஆண்டையொட்டி அதைக் கண்டெடுத்தவர்கள் இரும்பைத் தேடிப் போனவர்கள் அல்லர். கிருமிகளைக் கொல்லும் இயற்கைப் புரதங்களை ரத்தத்திலும் சிறுநீரிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். அது இரும்பு தொடர்பானது என்பதை 2001இல் பிரான்ஸில் ஆராயப்பட்ட எலிகள் காட்டின. ஹெப்சிடின் உருவாகாத அந்த எலிகளின் கல்லீரலிலும் கணையத்திலும் இரும்பு அளவுமீறிச் சேர்ந்திருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பது 2004இல் தெளிவானது. கலிஃபோர்னியாவில் எலிசபெத்தா நெமெத், தாமஸ் கான்ஸ் ஆகியோரின் குழு அதைக் கண்டறிந்தது. செல்லுக்குள் இருக்கும் இரும்பு ரத்தத்துக்கு வர ஒரே வாசல்தான் உண்டு; அது செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஃபெர்ரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் வந்து அதில் ஒட்டிக்கொண்டால், செல் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. மேக்ரோஃபேஜ்கள் பழைய அணுக்களை விழுங்குவதை நிறுத்துவதில்லை. எடுத்த இரும்பை வெளியே விட முடியாமல் ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதத்துக்குள் அடுக்கிக்கொண்டே போகின்றன. முன்சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களிலும் இதே வாசல்தான். கீரையிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ வந்த இரும்பு அந்தச் செல்வரை வந்து நின்றுவிடுகிறது. சில நாளில் அந்தச் செல்லே உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடும்.

உடலில் இரும்பு கூடினால் ஹெப்சிடின் கூடும், குறைந்தால் குறையும். இது அன்றாட ஏற்பாடு. கிருமி வந்தால் மட்டும் இந்தக் கணக்கை மீறி, இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடினை எழுப்புகிறது. கிருமிகளும் இரும்பின்றிப் பெருக முடியாது என்பதே காரணம்.

அதன் அருமை 2009இல் சிகாகோவில் நடந்த ஒரு மரணத்தில் தெரிந்தது. பிளேக் பாக்டீரியாவைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த 60 வயது விஞ்ஞானி ஒருவர் அதே கிருமியால் இறந்தார். அவர் கையாண்டது வீரியம் நீக்கப்பட்ட வகை. சுற்றுப்புறத்திலிருந்து இரும்பைக் கவர்ந்துகொள்ளும் மரபணுக்களை இழந்த கிருமி. நல்ல உடலில் அது பிழைக்காது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் அவருக்குப் பரம்பரை இரும்பு மிகைநோய் இருந்தது தெரியவந்தது. ஹெப்சிடின் போதிய அளவு சுரக்காததால் ரத்தத்திலும் உறுப்புகளிலும் இரும்பு மண்டும் நோய் அது. தானாக இரும்பைத் தேட முடியாத கிருமிக்கு அவர் உடலே அதைக் கொடுத்திருக்கக்கூடும் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள்.

எல்லாக் கிருமிகளுக்கும் இந்த உத்தி பொருந்தாது. ரத்தத்திலும் திசு நீரிலும் வாழ்பவற்றுக்கு இது பட்டினி. காசநோய்க் கிருமியோ மேக்ரோஃபேஜுக்கு உள்ளேயே குடியிருப்பது. இரும்பை அங்கேயே அடைத்தால் அதற்குப் பாதகம்தானா என்பது அவ்வளவு எளிதாகத் தீர்ந்த கேள்வியல்ல.

நான்கு நாள் காய்ச்சலில் இந்த அடைப்பால் நமக்குக் கேடு எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்கள் 120 நாள் தாங்குபவை. காய்ச்சல் விட்டதும் ஃபெர்ரோபோர்ட்டின் மீண்டும் வந்துவிடும். முடக்குவாதம், காசநோய், பெருங்குடல் அழற்சி, சில புற்றுநோய்கள் போன்றவற்றில்தான் சிக்கல். அங்கே அழற்சி மாதக்கணக்கில் அணைவதில்லை, ஹெப்சிடினும் இறங்குவதில்லை. மஜ்ஜைக்கு வரும் இரும்பு குறைந்தபடியே இருக்க, சிவப்பணு உற்பத்தி மெல்லச் சுருங்குகிறது. நாள்பட்ட அழற்சியின் ரத்தசோகை என்பது இதுதான். ஹீமோகுளோபின் பெரும்பாலும் 8க்கும் 11க்கும் இடையில் வந்து நிற்கும்.

ஹெப்சிடின் ஒன்றே இந்த ரத்தசோகையை உண்டாக்கப் போதுமானதா? 2002இல் பாஸ்டன் மருத்துவர்கள் விவரித்த நோயாளிகள் இதற்குப் பதில் சொன்னார்கள். பிறவியிலேயே கிளைகோஜன் சேமிப்பு நோய் உள்ள அவர்களுக்குக் கல்லீரலில் பெரிய கட்டிகள் இருந்தன. கூடவே எந்த இரும்பு மருந்துக்கும் அசையாத கடும் ரத்தசோகை. கட்டிகளை ஆராய்ந்தபோது அவை ஹெப்சிடினை அளவின்றி உற்பத்தி செய்துகொண்டிருந்தன. கட்டியை அகற்றியவர்களுக்கும் கல்லீரலை மாற்றியவர்களுக்கும் ரத்தசோகை தானாகவே தீர்ந்தது. இத்துறையில் எனக்கு மிகவும் தெளிவாகப் படும் சான்று இதுதான். ஆயினும் அழற்சி நோயாளியிடம் வேறு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன: மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் தேவைக்குக் குறைவாகச் சுரக்கிறது, மஜ்ஜையும் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, சிவப்பணுக்களின் ஆயுளும் கொஞ்சம் குறைகிறது.

இது ரத்தப் பரிசோதனையில் எப்படித் தெரியும்? நான்கு ஆண்டுகளாக முடக்குவாதம் உள்ள, மூட்டு வீக்கம் அடங்காத 46 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 9.2. களைப்பு. மூன்று மாதமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறார்; உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால் மலம் கறுப்பாகப் போகிறது, ஹீமோகுளோபின் மட்டும் ஏறவில்லை. ரத்தத்தில் இரும்பு 28. அது 60க்கு மேல் இருக்க வேண்டும். இதை மட்டும் பார்ப்பவர் இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லி மாத்திரையைக் கூட்டுவார்.

அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபெரினின் மொத்தச் சுமைதிறன் 220. உண்மையான இரும்புக் குறைவில் உடல் டிரான்ஸ்ஃபெரினைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதால் இந்த எண் 400ஐத் தாண்டுவது வழக்கம். இங்கே அது தாழ்ந்திருக்கிறது. 220க்கு 28 என்றால் சுமார் 13 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. 20க்குக் கீழே போனால் மஜ்ஜைக்குப் போதாது. ஃபெரிட்டினோ 340. உடலில் இரும்பு தீர்ந்திருந்தால் அது 30க்குக் கீழே விழுந்திருக்கும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி 48, இயல்பைவிடப் பல மடங்கு. ஆக இரும்பு உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. இப்படிப்பட்டவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து நீலச் சாயமேற்றிப் பார்த்தால், மேக்ரோஃபேஜ்கள் நிறைய நீலமாக இரும்பு தெரியும். பக்கத்திலேயே வளரும் இளம் சிவப்பணுக்களில் அது அரிதாக இருக்கும். ஹெப்சிடின் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மருத்துவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துக் காரணம் தெரியாமல் நின்ற காட்சி இது.

இவருக்கு மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை. குடலிலேயே வழி அடைபட்டிருக்கிறது. மூட்டு அழற்சியை அடக்கும் மருந்தைச் சீராக்குவதுதான் சிகிச்சை. இன்டர்லூக்கின்-6இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பெறும் முடக்குவாத நோயாளிகளுக்கு ஹெப்சிடின் இறங்கி ஹீமோகுளோபின் ஏறுவது பதிவாகியிருக்கிறது. காசநோயாளிகள் பலருக்கும் காசநோய் மருந்தாலேயே ரத்தசோகை சரியாகிறது. கிருமித் தொற்று தீவிரமாக இருக்கும்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை மருத்துவர்கள் தவிர்ப்பதும் இதனால்தான்.

தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மலிந்த பகுதியில் குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் தினமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. கொடுத்த குழந்தைகளிடம் கடும் நோயும் மரணமும் கூடியதால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அதே ஆய்வின் ஒரு பிரிவில், முன்பே உண்மையான இரும்புக் குறைவு இருந்து, மலேரியாவுக்கு உடனுக்குடன் சிகிச்சையும் பெற்ற குழந்தைகளுக்கு இரும்பு நன்மையே செய்தது. இரும்பு யாருக்குக் குறைந்திருக்கிறது, யாருக்கு அடைபட்டிருக்கிறது என்பதைப் பிரித்தறியாமல் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்க முடியாது.

பிரிப்பது சில நேரம் கடினம். மேலே சொன்ன பெண்ணுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கும் அதிகம் என்று வைத்துக்கொண்டால் ஃபெரிட்டின் 340 இல்லாமல் 60 என்று வரலாம். நல்ல உடல்நிலையில் 60 போதுமான எண். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும் என்பதால், 100க்குக் கீழே இருந்தாலே உள்ளேயும் இரும்பு தீர்ந்துவருகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவருக்கு அடைப்பும் உண்டு, குறைவும் உண்டு. அழற்சிக்கு மருந்து கொடுத்து, இரும்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குடல் வழி அடைபட்டிருப்பதால் பெரும்பாலும் நரம்பு வழியாக. அப்போதும் மேக்ரோஃபேஜ்கள் அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் எடுத்த இரும்புப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அது அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.