ஒரு நிமிட அறிமுகம்: விருது பெறும் ஊழியரை மேடைக்கு அழைக்கும் முறை

நிறுவன விழாவில் நீண்டகாலச் சேவை விருது பெறுபவரை மேடைக்கு அழைக்கும் அறிமுகம் ஐந்தாறு வாக்கியங்களில் முடிய வேண்டியது; நேரக் கணக்கில் ஒரு நிமிடம். விருது வாங்குபவர் யார், இத்தனை ஆண்டும் என்ன வேலை பார்த்தார், அதனால் கூட வேலை செய்பவர்களுக்கு என்ன பயன் என்ற மூன்றும் அதற்குள் கூட்டத்துக்குத் தெரிந்துவிட வேண்டும். நிர்வாகத்தின் பாராட்டுரையும் விருது பெற்றவரின் ஏற்புரையும் பின்னால் வரும். அறிமுகம் செய்பவர் அவற்றையும் சேர்த்துப் பேசிவிட்டால், அடுத்துப் பேசுபவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

வழக்கமாகச் சொல்லப்படும் அறிமுகம் இப்படி இருக்கும்: "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர்." இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அடுத்து விருது வாங்கப் போகிறவருக்கும் இதே மூன்று சொற்கள் பொருந்தும். எழுதி முடித்த அறிமுகத்தில் வேறொருவர் பெயரை வைத்துப் படித்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். பெயர் மாறியும் எந்த வாக்கியம் இடறாமல் நிற்கிறதோ, அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம்.

நல்ல அறிமுகத்துக்கான செய்தியை மூன்று இடங்களில் திரட்ட வேண்டும். சேர்ந்த தேதி, முதலில் பார்த்த வேலை, இப்போதைய பதவி ஆகியவை மனிதவளப் பிரிவின் பதிவேட்டில் கிடைக்கும். இவற்றை யாருடைய ஞாபகத்தையும் நம்பி எழுதக் கூடாது. ஆண்டு ஒன்று தவறினாலும் முன்வரிசையில் இருப்பவர் திருத்திச் சொல்லிவிடுவார். வேலையின் தன்மையை மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். ஆளின் தன்மை தெரிய வேண்டுமென்றால், அதே ஷிப்டில் கூட வேலை செய்பவரிடம்தான் கேட்க வேண்டும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு பதில் நின்றுவிடும். "அவர் லீவு போட்டால் என்ன சிக்கல் வரும்?" என்று கேட்டால் ஒரு சம்பவம் வெளியே வரும்.

ஒரு நூற்பாலையில் 25 ஆண்டு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவருக்கு 2024-இல் விருது கொடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். பதிவேடு தரும் செய்தி: 1999 ஜூன் மாதம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார், இப்போது பராமரிப்புப் பிரிவில் சீனியர் ஃபிட்டர். மேற்பார்வையாளர் சொல்வது: ரிங் ஃபிரேம் பழுதில் கெட்டிக்காரர். கூட வேலை செய்பவரிடம் லீவு கேள்வியைக் கேட்டபோது வந்த பதில்: "அவர் இல்லாட்டியும் அவர் நோட்டு இருக்கும் சார், அதைப் பார்த்துச் சமாளிச்சுக்குவோம்." அறிமுகத்துக்கு வேண்டியது இந்த நோட்டுதான். எப்போதிலிருந்து எழுதுகிறார், யாரெல்லாம் அதைப் பார்க்கிறார்கள் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். கிடைத்ததை வைத்து எழுதினால் இப்படி அமையும்:

"நம் மில்லில் ரிங் ஃபிரேம் ஒன்று நின்றுபோனால், புதிதாக வந்த ஃபிட்டர்கள் முதலில் ஒரு நீல அட்டை நோட்டைத் தேடுவார்கள். எந்த மெஷினில் எப்போது எந்தப் பாகம் மாற்றினோம் என்று 18 வருஷக் கணக்கு அதில் இருக்கிறது. எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை; ஷிப்ட் முடிந்ததும் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் இவர் சைக்கிளை எடுப்பார். 1999 ஜூனில் அப்ரண்டிஸாக வந்தவர், இன்று நம் சீனியர் ஃபிட்டர். அந்த நோட்டைப் பார்த்துத் தொழில் பழகிய ஆறு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். 25 ஆண்டுச் சேவைக்கான விருதைப் பெற இவரை மேடைக்கு அழைக்கிறோம்."

இதன் பின் பெயர் வரும். பெயரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பெயர் காதில் விழுந்ததும் கூட்டம் கை தட்டத் தொடங்கிவிடும். அதன் பிறகு சொல்வது எதுவும் கேட்காது. நோட்டு என்ற சொல் வந்ததுமே பராமரிப்புப் பிரிவினருக்கு ஆள் யாரென்று புரிந்து சலசலப்பு எழும். மற்ற பிரிவுகளில் இருப்பவர்களுக்கு அந்தச் சலசலப்பே பாதி அறிமுகம். நேர்மை, உழைப்பு என்ற சொற்கள் எங்கும் வரவில்லை. பத்து நிமிஷ எழுத்து அவற்றைச் சொல்லிவிடுகிறது.

சிலவற்றை விலக்க வேண்டும். "25 வருஷமாக லீவே எடுத்ததில்லை" என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்காது. உண்மையாகவே இருந்தாலும், லீவு எடுப்பதைக் குற்றமாகக் காட்டிவிடும். "இவர் இல்லாவிட்டால் மில்லே நின்றுவிடும்" என்பது உடன் உழைப்பவர்களைச் சிறுமைப்படுத்தும். தலைநரை, உடல்வாகு, பழைய தவறு பற்றிய கேலி, குடும்பத்தோடு வந்திருப்பவரைச் சங்கடப்படுத்தும். இன்னொரு பிழை எளிதில் கண்ணில் படாது: "இத்தனை காலம் உழைத்தவர், இனி அவர் வாழ்வு சிறக்கட்டும்" என்று முடித்தால் சேவை விருது பணி ஓய்வு விழாவாகிவிடும். விருது வாங்கியவர் மறுநாள் காலை ஷிப்டுக்கு வருபவர். அதனால் அவருடைய வேலையைப் பற்றிய வாக்கியங்கள் "எழுதினார்" என்றில்லாமல் "எழுதுகிறார்" என்று நிகழ்காலத்தில் இருப்பதே சரி.

மாதத்தின் சிறந்த ஊழியரை அறிமுகம் செய்யும்போது கணக்கு மாறுகிறது. அங்கே ஆண்டுகளுக்கு வேலை இல்லை. அந்த ஒரு மாதத்தில் நடந்ததே பேச்சு. "ஏன் இவருக்கு?" என்று கூட்டம் மனதுக்குள் கேட்கும், அதற்கு விடை முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். அதே ஆலையின் பேக்கிங் பிரிவில், 40-ஆம் நம்பர் நூல் கோன்களுக்கு நடுவே 60-ஆம் நம்பர் கோன் ஒன்று கலந்திருந்ததை ஒரு பெண் ஊழியர் கண்டுபிடித்ததாகக் கொள்ளலாம். கோனின் நுனி நிறம் மட்டும் வேறாக இருந்தது. அப்படியே போயிருந்தால் பின்னலாடைத் துணியில் கோடு விழுந்து, வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பார். "போன மாதம் ஒரு பெட்டியை மூடும் முன், நுனி நிறம் மாறிய ஒரே ஒரு கோனைப் பார்த்து லாரியை நிறுத்தியவர் இவர்" என்று தொடங்கினால், தேர்வுக்கான காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரே விழாவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு விருது என்றால், ஒவ்வொருவருக்கும் இரண்டே வாக்கியம் போதும்: ஒன்று சேர்ந்த ஆண்டும் பிரிவும், மற்றது அவருக்கே உரிய ஒரு செய்தி. ஒருவருக்கு ஆறு வாக்கியமும் அடுத்தவருக்கு ஒன்றும் சொன்னால், யாரிடம் விசாரிக்காமல் விட்டார்கள் என்பது அரங்கத்துக்கே தெரிந்துவிடும். அதிகாரிக்கும் உதவியாளருக்கும் ஒரே அளவு, "திரு", "திருமதி", "அவர்கள்" என்ற ஒரே மரியாதை.

விழாவுக்கு முன் விருது பெறுபவரிடமே ஒருமுறை பேசிவிடுவது நல்லது. பெயரையும் இனிஷியலையும் எப்படிச் சொல்வது, எழுதியிருக்கும் சம்பவத்தைச் சபையில் சொல்லலாமா, வீட்டார் யாராவது வருகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் செய்தி, எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். மேடையில் சிறு அட்டையில் எழுதி வைத்துப் படிப்பதில் குறைவில்லை. பெயரை மட்டும் அட்டையைப் பார்க்காமல், அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னதும் மைக்கை விட்டு ஓரடி ஒதுங்கிவிட்டால், அவர் மேடை ஏறிச் சேரும்வரை கைதட்டல் தடையில்லாமல் நீளும்.