அதே வீடு, அதே கம்பி... 16 வாங்கலாம், 14-லும் முடிக்கலாம்! கம்பி வெட்டும் கணக்கு

வீடு கட்டி முடிக்கும் இடங்களில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சுவரோரமாக முறுக்குக் கம்பித் துண்டுகள் குவிந்து கிடக்கும். இரண்டு அடி, நாலு அடி, ஒன்பது அடி எனப் பல நீளங்களில் இருக்கும். "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்று எடுத்து வைத்திருப்பார்கள். கடைசியில் அவை பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். எடை போட்டு வாங்கிய கம்பி, எடை போட்டே திரும்பிப் போகும். ஆனால், கைக்கு வரும் பணம் மட்டும் வாங்கிய விலையைவிட மிகவும் குறைவாக இருக்கும்.

இந்தத் துண்டுகளுக்குக் கம்பி கட்டுபவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில், பெரும்பாலும் தவறு நடப்பது வெட்டும் மெஷினில் அல்ல. எந்தக் கம்பியில் எதை எதைச் சேர்த்து வெட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காததில்தான்.

ஒரு சின்னக் கணக்கு

பழைய வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் சேர்த்துக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 12 மி.மீ கம்பியில் மட்டும் தேவைப்படுபவை இவை:

- தூண்களுக்கு 4.6 மீட்டர் நீளத்தில் 16 துண்டுகள்
- பெரிய பீம்களுக்கு 3.9 மீட்டர் நீளத்தில் 12 துண்டுகள்
- சின்ன பீம்களுக்கு 2.7 மீட்டர் நீளத்தில் 16 துண்டுகள்

கடையில் வரும் ஒரு கம்பியின் நீளம் 12 மீட்டர்.

வழக்கமாக என்ன நடக்கும்? முதலில் தூண் வேலை. ஒரு கம்பியில் 4.6 மீட்டர் துண்டு இரண்டு கிடைக்கும், 2.8 மீட்டர் மிஞ்சும். 16 துண்டுக்கு 8 கம்பிகள். அடுத்து பெரிய பீம். ஒரு கம்பியில் மூன்று வீதம் 4 கம்பிகள். பிறகு சின்ன பீம். ஒரு கம்பியில் நான்கு வீதம் இன்னும் 4 கம்பிகள். மொத்தம் 16 கம்பிகள். மிஞ்சும் துண்டுகளைக் கூட்டினால் 28.4 மீட்டர், சுமார் 25 கிலோ.

இப்போது அந்த 2.8 மீட்டர் துண்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நமக்கு 2.7 மீட்டரில் துண்டு வேண்டும். கையில் 2.8 மீட்டரில் எட்டு கிடக்கின்றன. இருந்தும், சின்ன பீம் வேலை வரும்போது புதுக் கம்பியைத்தான் எடுத்து வெட்டியிருக்கிறோம்!

கலந்து வெட்டினால் போதுமா?

"அப்படியென்றால் எல்லா நீளத்தையும் கலந்து வெட்டிவிடலாமே" என்று தோன்றும். ஒரு கம்பியில் 4.6, 3.9, 2.7 என மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்தால் 11.2 மீட்டர் ஆகிறது. மிஞ்சுவது 80 செ.மீ மட்டுமே. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்படி 12 கம்பிகளை வெட்டி, மீதித் தேவையையும் முடித்தால் மொத்தம் 15 கம்பிகள் ஆகின்றன. ஒன்று மிச்சம். ஆனால், இதைவிட நல்ல வழி இருக்கிறது.

- 8 கம்பிகளில்: 4.6 + 4.6 + 2.7. ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 10 செ.மீ.
- 4 கம்பிகளில்: 3.9 + 3.9 + 3.9. மிஞ்சுவது 30 செ.மீ.
- 2 கம்பிகளில்: நான்கு 2.7. மிஞ்சுவது 1.2 மீட்டர்.

மொத்தம் 14 கம்பிகள். மிஞ்சுவது 4.4 மீட்டர், நான்கு கிலோவுக்கும் குறைவு. முதல் வழியோடு ஒப்பிட்டால் இரண்டு முழுக் கம்பிகள், அதாவது 21 கிலோவுக்கு மேல் மிச்சம். இது 12 மி.மீ கம்பியில் மட்டும்தான். 8, 10, 16 மி.மீ கம்பிகளுக்கும் இதே கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும்.

இன்னும் குறைத்து 13-ல் முடிக்க முடியுமா? அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. தேவையான எல்லா நீளத்தையும் கூட்டுங்கள். இங்கே 163.6 மீட்டர் வருகிறது. அதை 12-ஆல் வகுத்தால் 13.63. எனவே, எப்படி வெட்டினாலும் 14-க்குக் கீழே இறங்க முடியாது. உங்கள் வீட்டுப் பட்டியலிலும் இந்த எண்ணை முதலில் போட்டுப் பாருங்கள். வாங்கப்போகும் எண்ணிக்கை இதைவிட மிகவும் கூடுதலாக இருந்தால், பட்டியலில் இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள்.

நீளமானது முதலில்

காகிதத்தில் போடும்போது நீளமான துண்டிலிருந்து தொடங்க வேண்டும். அதை ஒரு கம்பியில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் எது நெருக்கமாகப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். சின்னத் துண்டை எந்த இடுக்கிலும் செருகிவிடலாம். பெரியதைச் செருக முடியாது. சின்னதை முதலில் வெட்டித் தீர்த்துவிட்டால், பெரியதை வெட்டும்போது மிஞ்சும் இடத்தில் வைக்க எதுவும் இருக்காது.

இந்த முறை எப்போதும் மிகச் சிறந்த விடையைத் தந்துவிடாது. நீளங்கள் பத்து, இருபது என்று பெருகும்போது இது பெரிய கணிதப் புதிராகிவிடும். சோவியத் கணித அறிஞர் லியோனிட் கன்டோரோவிச் 1939-லேயே இந்த வெட்டும் புதிரைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் 1975-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆனால், ஒரு வீட்டுக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

'40 அடி' என்னும் பொறி

பேச்சுவழக்கில் இதை 40 அடிக் கம்பி என்போம். உண்மையில் 12 மீட்டர் என்பது 39 அடி 4 அங்குலம்தான். 10 அடித் துண்டு நான்கு வரும் என்று கணக்குப் போட்டு வாங்கினால், நான்காவது துண்டு 8 அங்குலம் குறைந்து நிற்கும். மூன்றுதான் கிடைக்கும், ஒன்பதேகால் அடிக்கு மேல் மிஞ்சும். ஆகவே, வெட்டும் கணக்கை மீட்டரிலேயே போடுங்கள்.

கம்பியின் நீளமும் அச்சு அசலாக 12 மீட்டர் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். அதனால் கூட்டுத்தொகை சரியாக 12 வரும்படி திட்டமிட வேண்டாம். நம் கணக்கில் 11.9 வந்தது நல்லதே. இன்னொன்று, ஒவ்வொரு துண்டையும் அதற்கு முன் வெட்டிய துண்டை வைத்து அளந்தால் சின்னப் பிழையும் வளர்ந்துகொண்டே போகும். முதல் துண்டையே கடைசிவரை அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்த மிச்சம் மட்டும் வேண்டாம்

பட்டியலில் எழுதும் நீளம், வரைபடத்தில் தெரியும் அறையின் நீளம் அல்ல. முனையில் வளைக்கும் நீளமும், ஒரு கம்பி அடுத்ததன் மேல் ஏறி நிற்கும் 'லேப்' நீளமும் சேர்ந்ததுதான் வெட்டும் நீளம். 12 மி.மீ கம்பிக்கு லேப் பொதுவாக 60 செ.மீ அளவில் இருக்கும். கம்பி கொஞ்சம் எட்டவில்லை என்று அதில் 10 செ.மீ குறைத்துவிட்டால், அது மிச்சமல்ல. தூணின் பலத்தில் கைவைப்பது.

துண்டுகளை ஒட்டுப்போட்டு நீளமாக்குவதும் அப்படித்தான். ஒவ்வொரு ஒட்டும் 60 செ.மீ கம்பியை விழுங்கும். பீமின் அடிக்கம்பியை நடுப்பகுதியில் ஒட்டுப்போட்டால் ஆபத்து வேறு, ஏனென்றால் சுமையால் அதிகம் இழுபடும் இடம் அதுதான். எங்கே ஒட்டுப்போடலாம் என்பதைப் பொறியாளர் மட்டுமே சொல்ல வேண்டும்.

ஆகவே, கம்பி வாங்கும் முன்பே பொறியாளரிடம் 'பார் பெண்டிங் ஷெட்யூல்' என்கிற கம்பிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து, கம்பி கட்டுபவரோடு உட்கார்ந்து எந்தக் கம்பியில் என்னென்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். தூண் வேலைக்கும் பீம் வேலைக்கும் நடுவே வாரங்கள் ஓடிவிடும். அதனால், மிஞ்சும் 2.8 மீட்டர் துண்டுகளின் முனையில் பெயின்ட் அடித்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, 'சின்ன பீம்' என்று அட்டை கட்டிவிடுங்கள். அட்டை இல்லாவிட்டால், அந்த எட்டும் சுவரோரக் குவியலுக்குத்தான் போய்ச் சேரும்.