ஓர் எடிட்டரின் படப்பட்டியலை எப்படிப் படிப்பது?

தயாரிப்பு நிறுவனத்துக்குப் போகும் எடிட்டரின் தொழில் குறிப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். செய்த படங்கள், அவை எந்த வகைப் படங்கள், அவர் வேலை செய்யும் முறை ஆகிய மூன்றும்தான் அதில் இருக்கும். வெளியார் கண்ணுக்கு முதல் பகுதியின் நீளம்தான் பெரிதாகத் தெரியும். படத்துக்கு ஆள் தேடும் தயாரிப்பாளர் அந்தப் பட்டியலை வேறு விதமாகப் படிக்கிறார். ஏ. ஸ்ரீகர் பிரசாத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

எடிட்டரும் இயக்குநருமான தந்தை அக்கினேனி சஞ்சீவியிடம் தொழில் பழகியவர் ஸ்ரீகர் பிரசாத். ஆமிர் கான் நடித்த ‘ராக்’ என்ற இந்திப் படத்துக்காக முதல் தேசிய விருது பெற்றார். பிறகு ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), வசந்த் எஸ். சாய் இயக்கிய ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ என்று அந்த வரிசை நீண்டது. விருதுகள் பக்கத்தை அலங்கரிக்கும். ஆனால் பட்டியலில் எடை கூடிய செய்தி வேறு. 2000இல் வெளிவந்த ‘அலைபாயுதே’ முதல் 2025இன் ‘தக் லைஃப்’ வரை, மணிரத்னம் இயக்கிய திரைப்படங்களுக்கு எடிட்டர் அவரே. அதற்கு முன் அந்த இடத்தில் பி. லெனின் – வி.டி. விஜயன், சுரேஷ் அர்ஸ் என்று வேறு பெயர்கள் இருந்தன. ஓர் இயக்குநர் அதே எடிட்டரைத் திரும்பத் திரும்ப அழைத்தால், வேலை நேரத்துக்கு முடிகிறது, இருட்டறையில் மாதக்கணக்கில் இருவரும் சேர்ந்து உட்கார முடிகிறது என்று பொருள். எந்த விருதும் சொல்லாத சங்கதி இது.

பட்டியலில் கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று, பெயர் தனியாக வருகிறதா, இன்னொருவரோடு சேர்ந்து வருகிறதா என்பது. விஷால் பரத்வாஜின் ‘கமீனே’யில் ஸ்ரீகர் பிரசாத்தோடு மேக்னா மன்சந்தா சென் பெயரும் உண்டு. இரண்டு பேர் செய்ததை இரண்டு பேர் செய்ததாகவே எழுதுவதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. தொல்லை வருவது உதவி எடிட்டராக இருந்த படத்தை எடிட்டராகச் செய்ததுபோல் எழுதும்போதுதான். படத்தின் டைட்டில் கார்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே படத்தின் டப்பிங் பதிப்பைத் தனிப் படமாக எண்ணிச் சேர்ப்பதும் நடக்கிறது. டப்பிங்கில் எடிட்டருக்குப் புதிய வேலை அநேகமாகக் கிடையாது.

ஆனால் ‘ராவணன்’, ‘ராவண்’ இரண்டையும் அப்படித் தள்ளிவிட முடியாது. 2010இல் வந்த அந்தப் படம் தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாகப் படமாக்கப்பட்டது. தமிழில் வீராவாக வரும் விக்ரம், இந்தியில் போலீஸ் அதிகாரி. தமிழில் அந்த அதிகாரி பிரித்விராஜ்; இந்தியில் வீராவின் இடத்தில் அபிஷேக் பச்சன். ஒருவர் வசனத்தை முடித்துத் தலையைத் திருப்பும் நேரமும் இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒன்றாக இருக்காது. தமிழ் வாக்கியத்தின் நீளம் இந்தியில் வராது. ஒரு பதிப்பின் கட்டை அப்படியே மற்றதில் பதித்தால் காட்சி தடுக்கும். ஆகவே இங்கே இரண்டு வரி எழுதுவதே நியாயம்.

படவகை என்ற பகுதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘காதல், ஆக்‌ஷன், த்ரில்லர்’ என்று எழுதுவது சுவரொட்டிக்குச் சரி. எடிட்டரைப் பொறுத்தவரை கதை எந்த வகை என்பதைவிடக் காலம் எப்படி ஓடுகிறது என்பதே முக்கியம். ‘அலைபாயுதே’ காதல் படம்தான். ஆனால் மனைவிக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கும் கணவனின் இன்றைய பொழுதும், அவர்கள் காதலித்து மணந்த பழைய கதையும் மாறி மாறி வருகின்றன. எந்த இடத்தில் பழையதை விட்டு வெளியே வருவது என்பதில் ஒரு நிமிடம் தவறினாலும், மனைவிக்கு என்ன ஆயிற்று என்ற பதைப்பு கலைந்துவிடும்.

‘ஆய்த எழுத்து’ (2004) இதைவிடச் சிக்கலானது. சென்னை நேப்பியர் பாலத்தில் இன்பா, மைக்கேலைச் சுடுகிறான். அர்ஜுன் அதைப் பார்க்கிறான். அதன்பின் மூவரின் கதையும் தனித்தனியே பின்னுக்குப் போய் அதே பாலத்துக்குத் திரும்பி வருகிறது. அடுத்தடுத்து வரும்போது என்ன நடக்கப்போகிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும். காட்சியை முழுதாகத் திரும்பக் காட்டினால் அலுப்பு. மிகவும் சுருக்கினால் அதே சம்பவம்தான் என்று புரியாது. எதை அடையாளமாக வைத்துக்கொண்டு எதை விடுவது என்பதே எடிட்டரின் கணக்கு. மேக்னா குல்சாரின் ‘தல்வார்’ (2015) ஒரு கொலையை வெவ்வேறு விசாரணையாளர்கள் சொல்லும் விதங்களில் காட்டுகிறது. ஒன்று அரசியல் கலந்த கதை, மற்றது குற்ற விசாரணை. சுவரொட்டியில் இரண்டும் வேறு. எடிட்டிங் மேசையில் பங்காளிகள். ‘ஒரே சம்பவத்துக்குப் பலமுறை திரும்பும் கதைகள்’ என்று குறிப்பில் ஒரு வரி இருந்தால் அந்த மாதிரித் திரைக்கதையைக் கையில் வைத்திருக்கும் தயாரிப்பாளர் அங்கே நின்றுவிடுவார்.

அதே பட்டியலில் ‘துப்பாக்கி’யும் ‘ஆர்ஆர்ஆர்’ போன்ற கிராஃபிக்ஸ் மிகுந்த படமும் இருக்கின்றன. இரண்டாவது வகையில், பச்சைத் திரைக்கு முன் நடிக்கும் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு, இன்னும் வராத புலியின் வேகத்தை மனதில் ஓட்டிக் காட்சியின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். கிராஃபிக்ஸ் செலவு ஷாட்டின் நீளத்தைப் பொறுத்தும் ஏறுவதால், பின்னர் மனம் மாறினால் பணம் வீண்.

கடைசிப் பகுதி வேலை முறை. இதில் ‘அர்ப்பணிப்புடன் உழைப்பவர்’ போன்ற வரிகளால் யாருக்கும் பயன் இல்லை. திரைக்கதை நிலையிலேயே சேர்கிறாரா, படப்பிடிப்புத் தளத்தில் ஸ்பாட் எடிட்டிங்குக்கு ஆள் அனுப்புவாரா, சொந்த எடிட்டிங் அறை உண்டா, உதவியாளர்கள் எத்தனை பேர், அவிட்டா பிரீமியரா என்பவைதான் தயாரிப்பு நிர்வாகிக்கு வேண்டியவை. இவற்றிலும் ரஷ்ஷை எப்போது பார்க்கிறார் என்பது தலையாயது.

ஃபிலிம் காலத்தில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி சுருள் ஓடும். காசு கரைவது கண்ணுக்குத் தெரிந்ததால் கேமராவைச் சீக்கிரம் நிறுத்தினார்கள். டிஜிட்டலில் அந்தப் பயம் போய்விட்டது. 60 நாள் படப்பிடிப்பில் இரண்டு கேமராக்கள் நாளுக்கு ஆளுக்கு 2 மணி நேரம் ஓடினால் 240 மணி நேரக் காட்சி சேரும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒருமுறை பார்த்து முடிக்கவே 30 நாள் ஆகும். படப்பிடிப்பு நடக்கும்போதே அன்றன்றைய ரஷ்ஷைப் பார்த்து அடுக்கிவரும் எடிட்டர், பூசணிக்காய் உடைத்த சில நாட்களில் முதல் தொகுப்பைக் காட்டிவிடலாம். ஒரு முக்கியமான குளோசப் விடுபட்டிருந்தால், செட் பிரிக்கும் முன்பே சொல்லவும் முடியும். எல்லாம் முடிந்தபின் தொடங்குபவர் அந்த ஒரு மாதத்தைப் பின்னால் கேட்பார். வெளியீட்டுத் தேதி குறித்துவிட்ட படத்துக்கு அது கட்டாது.

இறுதிக் கட்டுக்குப் பிறகு என்ன ஒப்படைப்பார் என்பதையும் எழுதுவது நல்லது. படத்தின் நீளம் பூட்டப்பட்டதும் ஒலிக்கலைஞர், இசையமைப்பாளர், கிராஃபிக்ஸ் நிறுவனம், வண்ணம் திருத்துபவர் என எல்லோருக்கும் தனித்தனிக் கோப்புகள் போக வேண்டும். பூட்டியபின் 10 ஃபிரேமை எடுத்தாலும் அந்த இடத்துக்குப் பின்வரும் ஒலி முழுவதும் அந்த அளவுக்கு நகரும். வாயசைவும் வசனமும் பிசகும். பூட்டியபின் மாற்றம் வந்தால் திருத்தப் பட்டியல் யார் தயாரிப்பது, அதற்குத் தனிக் கூலி உண்டா என்று குறிப்பிலேயே சொல்லிவிடுகிற எடிட்டரிடம் நிர்வாகி இரண்டாவது கேள்வி கேட்பதில்லை; சம்பளம் பேசத் தொடங்கிவிடுகிறார்.